வட்டி குறைந்தது, ஆனால் ‘குறைந்துகொண்டே போகும்’ என்று யார் சொன்னது?

2025 ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை. மத்தியானம் 12 மணிக்கு இங்கிலாந்து வங்கி தன் வட்டி முடிவை அறிவித்தது. பின்னேரம் வேலை முடிந்து வரும் வழியில் எட்மண்டன் ஃபோர் ஸ்ட்ரீட்டில் வழமையாகச் சாமான் வாங்கும் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்த அண்ணை போனை நீட்டினார்.

“தம்பி, வட்டி கால்வாசி குறைஞ்சிட்டுதாம். இனி ஒவ்வொரு மாசமும் குறையுமாம். விலையும் இறங்குமாம். உண்மையோ?”

அவருக்கு யாரோ அனுப்பிய தமிழ்ச் செய்தி அது. மூன்று வரியில் மூன்று பிழை. சும்மா கேட்கிற கேள்வியும் இல்லை அது. பழைய சில்லர் பழுதாகி, புதியது வாங்க இன்னொரு கடன் எடுக்க இருந்தார். நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்று அந்தக் கிழமை முடிவு சொல்ல வேண்டும். “இனிக் குறையத்தானே போகுது” என்று மாறும் வட்டிப் பக்கம் சாய்ந்திருந்தார்.

அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்குச் சுருக்கிச் சொன்னேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. இப்படியான அறிக்கையில் எதை வேண்டுமானாலும் எளிமையாக்கலாம், விட்டும் விடலாம். ஆனால் முடிவின் எண்ணிலும், வருங்காலத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளிலும் கை வைக்கக் கூடாது.

முதலில் எண். அறிக்கை சொன்னது இதுதான்: வட்டி வீதத்தை 0.25 சதவீதப் புள்ளிகளால் குறைத்து 4 சதவீதமாக்குவதற்கு நாணயக் கொள்கைக் குழு 5–4 என்ற பெரும்பான்மையில் வாக்களித்தது. மற்ற நால்வரும் 4.25 சதவீதத்திலேயே வைத்திருக்க விரும்பினார்கள். இதில் ‘புள்ளி’ என்ற சொல்லை விட்டால் கணக்கே மாறிவிடும். 4.25-லிருந்து 4-க்கு வருவது 0.25 புள்ளி. வட்டியில் கால்வாசி அல்ல.

அண்ணையின் பழைய கடனை வைத்தே பார்த்தோம். மிச்சம் 40,000 பவுண். வங்கி வீதத்துக்கு மேலே 5 சதவீதம் என்று ஒப்பந்தம். முன்பு 9.25, இனி 9 சதவீதம். வருடத்துக்கு 100 பவுண், மாதத்துக்கு எட்டு பவுண் சொச்சம்தான் குறையும். முதல் அடைபட அடைபட அதுவும் சுருங்கும். ‘கால்வாசி’ என்று நம்பியிருந்தால் 3,700 பவுண் வருட வட்டியில் 925 பவுண் மிஞ்சும் என்று நினைத்திருப்பார். நிலையான வட்டியில் எடுத்த கடன் ஏதும் இருந்தால் அதில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது.

5–4 என்ற வாக்கும் கடைக்காரருக்குத் தேவையான செய்திதான். முதல் சுற்றில் நாலு பேர் வைத்திருக்கச் சொன்னார்கள், நாலு பேர் 0.25 குறைக்கச் சொன்னார்கள், அலன் டெய்லர் மட்டும் 0.5 குறைக்கச் சொன்னார். எந்தப் பக்கமும் பெரும்பான்மை இல்லாததால் இரண்டாம் முறை வாக்கெடுத்தார்கள். 1997-இல் குழு தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஒன்பது பேரில் நாலு பேருக்கு இந்தக் குறைப்பே வேண்டாம் என்றால், அடுத்ததும் கட்டாயம் வரும் என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது விலை. பணவீக்கம் சற்றுக் கூடி செப்டம்பரில் 4.0 சதவீதத்தில் உச்சம் தொடும் என்றும், அதன்பின் 2 சதவீத இலக்கை நோக்கி இறங்கும் என்றும் ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்பதே அறிக்கையின் பேச்சு. “அப்ப விலை இறங்குமோ?” என்றார் அண்ணை. இல்லை. பணவீக்கம் 4 என்றால் 100 பவுண் சாமான் ஒரு வருடத்தில் சராசரியாக 104 ஆகிறது. அது 2-க்கு இறங்கினால் அடுத்த வருடம் 106-ஐத் தாண்டும். ஏறுகிற வேகம்தான் குறைகிறது, விலை இல்லை.

‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்பதையும் விடக் கூடாது. பிறகு செப்டம்பர்க் கணக்கு வெளிவந்தபோது அது 3.8 சதவீதமாகத்தான் இருந்தது. ‘4 ஆகும்’ என்று எழுதியிருந்தால் அது பிழை. ‘எதிர்பார்க்கிறார்கள்’ என்று எழுதியிருந்தால் இன்றைக்கும் சரி.

கடைசியாக, அண்ணையின் முடிவு தங்கியிருந்த பகுதி. கட்டுப்பாட்டை மேலும் தளர்த்துவதில் ‘படிப்படியான, கவனமான’ அணுகுமுறையே தொடர்ந்தும் பொருத்தமானது என்றது அறிக்கை. இனிக் குறைப்பது எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பது, அடிப்படைப் பணவீக்க அழுத்தம் எவ்வளவு தூரம் தொடர்ந்து தணிகிறது என்பதைப் ‘பொறுத்திருக்கும்’ என்றது. பணக் கொள்கை ‘முன்கூட்டியே வகுத்த பாதையில் இல்லை’ என்றும் சொன்னது. இதில் எங்கேயும் ஒவ்வொரு மாதமும் குறையும் என்ற பேச்சே இல்லை. குழு வட்டி முடிவு எடுப்பதே வருடத்துக்கு எட்டு முறைதான்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். நிரலில் ஒரு நிபந்தனையை அழித்துவிட்டால் அது பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும், ஓடும்போதுதான் கவிழும். ‘பொறுத்திருக்கும்’ என்பதை எடுத்துவிட்ட செய்தியும் அப்படித்தான்.

அன்றைக்கு ஒரு பழைய பில்லின் பின்பக்கம் அண்ணைக்கு எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்:

வட்டி 4.25-லிருந்து 4 சதவீதம், 0.25 புள்ளி குறைவு. வாக்கு 5–4. பணவீக்கம் செப்டம்பரில் 4.0-ஐத் தொட்டுப் பின் இறங்கும் என எதிர்பார்க்கிறார்கள். மேலும் குறைப்பது படிப்படியாக, கவனமாக. விலை அழுத்தம் தணிவதைப் பொறுத்து. பாதை முன்பே முடிவாகவில்லை.

படித்துவிட்டு அவர் கேட்டார்: “அப்ப குறையாதெண்டு வச்சுக் கணக்குப் பாக்கட்டோ?” அதுதான் சரியான கேள்வி. 4 சதவீதம் அப்படியே நின்றால் மாறும் வட்டியில் மாதம் எவ்வளவு, அரை புள்ளி கூடினால் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தார். பிறகு நிலையான வட்டியையே எடுத்தார். அது வட்டி இறங்காது என்ற ஜோசியம் இல்லை. ஏறினால் தாங்கக் கடையில் இடமில்லை என்பதுதான் காரணம்.

பிறகு நடந்தது: செப்டம்பரில் 7–2 வாக்கில் 4 சதவீதமாகவே வைத்தார்கள். நவம்பரில் 5–4 வாக்கில் மறுபடியும் அப்படியே. டிசம்பர் 18-இல்தான், அதுவும் 5–4 வாக்கில், 3.75-க்கு இறக்கினார்கள்.

நவம்பர் அறிக்கையில் ஒரு சின்ன மாற்றம் இருந்தது. ‘கவனமான’ என்ற சொல் போய், பணவீக்கம் தணிவதில் முன்னேற்றம் தொடர்ந்தால் வட்டி ‘படிப்படியாக இறங்கும் பாதையில் தொடர வாய்ப்புண்டு’ என்று வந்தது. டிசம்பரில் அதோடு இன்னொன்று சேர்ந்தது: இனி மேலும் தளர்த்துவதா என்ற தீர்ப்பு முன்னைவிட நூலிழை வித்தியாசத்தில் போகும். ஆகஸ்டிலிருந்தே ‘வட்டி மெல்லக் குறையும்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதிவந்தவர்களின் வாசகர்களுக்கு இந்த இரண்டு மாற்றமும் கண்ணில் பட்டிருக்காது. வங்கி தன் மனதை மாற்றுவது முதலில் இந்தச் சொற்களில்தான் தெரியும்.

நம் தமிழ்ச் செய்திகள் அந்த அறிக்கையை மூன்று வரியாகச் சுருக்கட்டும், தப்பில்லை. அந்த மூன்று வரியில் ‘புள்ளி’யும் ‘எதிர்பார்க்கப்படுகிறது’ம் ‘பொறுத்திருக்கும்’மும் இருக்கட்டும். இந்த நாட்டில் கல்லாவில் இருக்கும் எத்தனையோ அண்ணைமார் அதை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.