நந்தனாரை நெருப்பில் இறக்கியவர்கள் எங்கே?

நந்தனார் கதையை ஐந்து பாகக் குறுங்காணொளித் தொடராக எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாகமும் ஒன்றரை நிமிடம். ஆலங்குளம், சிவகாசிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சில வாரங்களாக அதுதான் சுற்றுகிறது. பட்டாசு ஆலையில் வேலை முடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புகிறவர்கள் பார்க்கிறார்கள், கண் கலங்குகிறார்கள், அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பெயரும் இங்கே தேவையில்லை. அந்தப் பக்திக் குரல் எதை மறைக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

தொடரின் அமைப்பு இது. முதல் பாகம் ஆதனூரில் பிறப்பு. இரண்டாவது திருப்புன்கூரில் நந்தி விலகுவது. மூன்றாவது தில்லைக்கு ‘நாளைப் போவேன்’ என்று தள்ளிக்கொண்டே போகும் ஏக்கம். நான்காவது தில்லை எல்லையில் கண்ணீர். ஐந்தாவது நெருப்பு, ஜோதி, வீணை இசை, சுபம். நெருப்புக்கு முன்னால் கறுத்த உடம்பாக இருந்த நடிகர், நெருப்பிலிருந்து வரும்போது சிவந்த மேனியோடும் பூணூலோடும் வருகிறார். ஒரு மனிதனைத் தீயில் இறக்கியதை இதைவிட அழகாகக் கொண்டாட முடியாது.

இனி பின்னணிக் குரலின் வாக்கியங்களைக் கவனியுங்கள். ‘அவரால் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை.’ ‘குலம் அவருக்குத் தடையாக இருந்தது.’ ‘அனுமதி கிடைக்கவில்லை.’ ஐந்து பாகத்திலும் வாக்கியங்கள் இப்படித்தான் வருகின்றன. யார் நுழையவிடவில்லை? யார் அனுமதி தரவில்லை? தடுத்தவர் என்று ஒருவர்கூட எழுவாயாக வருவதில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல நந்தனார் வெளியே நின்றார். பக்திக் கதை சாதியைக் கையாளும் விதம் இதுதான். அது சாதியை மறுப்பதில்லை. செய்தவன் பெயரை மட்டும் எடுத்துவிடுகிறது. ‘நுழைய முடியாதவர்’ என்பதற்குப் பதிலாக ‘நுழையவிடாதவர்கள்’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். தொடரின் ஐந்தாம் பாகம் அந்த இடத்திலேயே சுபமாக முடியாமல் போய்விடும்.

‘பெரியபுராணத்தில் இருப்பதைத்தானே எடுத்தோம்’ என்பார்கள். அப்படியானால் முழுதாக எடுங்கள். 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் நம் ஆள் இல்லை. நெருப்பைப் புனிதமாக்கியவரும் அவர்தான். ஆனால் அவர்கூட இந்தக் காணொளியைவிட அதிகம் சொல்லியிருக்கிறார். ஆதனூர்ச் சேரியை அவர் நின்று பார்க்கிறார். பழைய கூரை, கூரைமேல் படர்ந்த சுரைக்கொடி, முற்றத்தில் கோழிக்குஞ்சு, நாய்க்குட்டியோடு விளையாடும் பிள்ளைகள் என்று அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். நந்தனாருக்கு அங்கே தொழில் உண்டு. ஊர்ப் பணிக்காக விடப்பட்ட நிலத்தில் பிழைக்கிறார். கோயில் முரசுகளுக்குப் போர்த்தும் தோலும், அதை இழுத்துக் கட்டும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார்.

இந்தப் பட்டியலை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குள் முழங்கும் முரசு அவர் பதப்படுத்திய தோல். சாமிமுன் வாசிக்கும் வீணையில் இருப்பது அவர் கொடுத்த நரம்பு. கருவறை வரைக்கும் போகிறது கோரோசனை. அவர் உழைப்பு எந்தத் தீட்டும் இல்லாமல் உள்ளே போயிற்று, அவர் மட்டும் வாசலில் நின்றார். நந்தனார் கதையின் மையம் இதுதான். தொடரில் இதற்கு ஒரு நொடிகூட இல்லை. ஐந்தாம் பாகத்தில் உருகவைக்கும் அந்த வீணையின் நரம்பு யார் கொடுத்தது என்று எடுத்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நெருப்பை மூட்டியது யார் என்பதையும் சேக்கிழார் மறைக்கவில்லை. கனவில் இறைவன் ஆணையிட, தில்லை அந்தணர்கள் தெற்கு மதில்புறத்து வாசல்முன் தீ அமைத்துத் தருகிறார்கள் என்று சொல்கிறார். காணொளியில் அது தானாக எரிகிறது. தீ மூட்டிய கைகளைக்கூடக் காட்டத் துணிவில்லாதது எப்படி மூலத்துக்கு விசுவாசமான பக்தியாகும்?

கதை அப்படியே வந்ததும் இல்லை. காலந்தோறும் மாற்றித்தான் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தன் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில், பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்ற பண்ணையாரைக் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஓர் இரவில் முடித்தால் தில்லைக்குப் போகலாம் என்பது அவர் விதித்த நிபந்தனை. அந்த வேலையையும் கடைசியில் தெய்வ அற்புதத்திடம் ஒப்படைத்துவிட்டார் பாரதியார். ஆனாலும் பண்ணையடிமைக்கு விடுப்பு இல்லை என்ற உண்மை மேடைக்கு வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களிலும் அந்த வேதியர் இருந்தார். இன்றைய தொடரில் அவரும் காணோம். நூறாண்டுக்கு முந்தைய கதாகாலட்சேபத்தில் இருந்த அளவுக்குக்கூட இன்றைய கைப்பேசித் திரையில் முதலாளி இல்லை.

‘அம்பேத்கரே நந்தனாரை மதித்தாரே’ என்று ஒரு பதிலும் வரும். உண்மைதான். 1948இல் வந்த தன் நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவரின் நினைவுக்கு அர்ப்பணித்தார். அந்த நூல் எதைப் பற்றியது? தீண்டப்படாதவர்கள் யார், அவர்கள் எப்படித் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்பதைப் பற்றியது. மரியாதையும் கேள்வியும் ஒரே அட்டைக்குள் இருந்தன. நம் தொடர் மரியாதையை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டது. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி நடத்தினார். அவர் அந்தப் பெயரைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பயன்படுத்தினார், அழவைக்க அல்ல.

இதையெல்லாம் நம் வட்டாரத்தில் இருந்துகொண்டு மறப்பது இன்னும் கொடுமை. கோயில் நுழைவு என்பது இங்கே புராணம் இல்லை. சிவகாசிக் கோயிலில் நாடார்கள் நுழைய உரிமை கேட்ட தகராறு, 1899இல் ஊரே தாக்கப்படும் கலவரத்தில் போய் முடிந்தது. கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. வாசல் திறந்தது 1939இல்தான். அந்த ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனவர்களில் கக்கன் உள்ளிட்ட ஐந்து ஒடுக்கப்பட்டவர்களும், விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார்கள். யாரும் தீக்குளிக்கவில்லை. யாருக்கும் பூணூல் முளைக்கவில்லை. போன உடம்போடு போனார்கள், வந்த உடம்போடு வந்தார்கள். அவர்களைக் காக்கச் சட்டமும் வந்தது.

ஆகவே தொடர் எடுத்த தம்பிகளுக்கு ஒன்று சொல்லலாம். ஐந்து பாகமே இருக்கட்டும். முதலில் ஆதனூர்ச் சேரியும் அதன் நிலமும். இரண்டாவது தோல், வார், நரம்பு, கோரோசனை என்று கோயிலுக்குள் போன உழைப்பு. மூன்றாவது ‘நாளை’ என்று சொல்லவைத்தவர்கள் யார் என்பது. நான்காவது தெற்கு வாசலில் தீ மூட்டிய கைகள். ஐந்தாவதில் ஜோதி வேண்டாம், 1939 ஜூலை 8ஐக் காட்டுங்கள். நந்தனார்மேல் உள்ள மரியாதை இதனால் குறையாது. குறையப்போவது வாசலில் நின்று தடுத்தவர்களுக்கு நாம் இதுவரை கொடுத்துவந்த மறைவிடம்தான்.