வாங்குமுன்: மகன் அழிக்காத விளையாட்டு



கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு சகோதரி சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். கையில் தீப்பெட்டி அளவிலான பச்சை நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று. டுபாயில் வேலை செய்யும் அவரது அக்கா, ஊர் வந்தபோது பதினொரு வயது மகனுக்குப் பழைய ‘கேம் போய் அட்வான்ஸ்’ கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் செருகி விளையாடும் துண்டுக்குக் காட்ரிஜ் என்று பெயர். ‘பொக்கிமொன் எமரல்ட்’ என்ற விளையாட்டின் காட்ரிஜை, சீட்டுப் பணத்திலிருந்து 2,500 ரூபா எடுத்துக் கண்டி நகரின் ஒரு தெருவோரக் கடையில் இவர் வாங்கினார்.

ஏழு மாதம் பிள்ளை ஆசையோடு விளையாடினான். ஒருநாள் காலை கருவியைப் போட்டதும், விட்ட இடத்திலிருந்து தொடரும் CONTINUE என்ற வரியைக் காணவில்லை. NEW GAME மட்டுமே இருந்தது. “கண்டதையும் நோண்டி நீயே அழிச்சிட்டாய்” என்று தாய் ஏசினார், கையும் ஓங்கிவிட்டார். “நான் ஒண்ணும் செய்யல்ல அம்மா” என்று பிள்ளை அழுதது இப்போதும் தன் காதில் கேட்பதாகச் சொன்னார்.

பிள்ளை சொன்னது உண்மை. தெரிந்த ஒரு தொலைபேசி திருத்துநரிடம் கொண்டுபோய்க் காட்ரிஜைத் திறந்து பார்த்தோம். உள்ளே பொத்தான் போன்ற சிறு பற்றரி ஒன்று இருந்தது. புதிதாக இருந்தால் 3 வோல்ட் காட்ட வேண்டியது, அளவுமானியில் 1.1 தான் காட்டியது. பிள்ளையின் ஏழு மாத விளையாட்டு அந்தப் பற்றரியோடு போய்விட்டது.

இது ஏன் என்று விளங்கிக்கொள்வது நல்லது. நிண்டெண்டோ நிறுவனம் 2004இல் ஜப்பானிலும் 2005இல் அமெரிக்காவிலும் வெளியிட்ட அசல் எமரல்டிலும் பற்றரி உண்டு. ஆனால் அது விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டுமே. பிள்ளை சேமிப்பது, மின்சாரம் இல்லாமலே எழுதியதைப் பிடித்து வைக்கும் நினைவகத்தில் பதிகிறது. பற்றரி தீர்ந்தால், உள்பற்றரி தீர்ந்துவிட்டது, ஆனாலும் விளையாடலாம் என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். கடிகாரம் நிற்குமே தவிர, சேமித்தது அழியாது. போலி செய்பவரோ மலிவான வேறு நினைவகத்தைப் போடுகிறார். அதற்கு மின்சாரம் ஓயாமல் வேண்டும். பற்றரி செத்த அன்றே எல்லாம் மறைந்துவிடும். (அசல்களிலும் வேறு சில விளையாட்டுகள் பற்றரியை நம்பிச் சேமிப்பவைதான். நான் சொல்வது எமரல்டைப் பற்றி.)

ஆகவே கடையிலேயே போட்டுப் பார்த்து, சேமித்து, அணைத்து, மீண்டும் போட்டுப் பார்த்தாலும் அது போதாது. பற்றரி புதிதாக இருக்கும்வரை போலியும் அந்தச் சோதனையில் தேறிவிடும். பற்றரி தீர்ந்த அறிவிப்பும் எதற்கும் சாட்சியில்லை. வயதான அசலிலும் அது வரும்; சில போலிகளில் முதல் நாளே வரும். கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் முன்பக்க லேபலை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். அசலில் வலப்பக்கமாக இரண்டு இலக்கம், சிலவேளை ஓர் எழுத்துடன், மையில்லாமல் அழுத்திப் பதித்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, சரித்தால்தான் தெரியும். அதே லேபலில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். ஆங்கில எமரல்டுக்கு அது AGB-BPEE என்று தொடங்கும். அந்தச் சகோதரியின் காட்ரிஜில் AGB-BPRE என்று இருந்தது. அது ‘ஃபயர் ரெட்’ என்ற வேறொரு விளையாட்டின் குறியீடு.

அடுத்து, கருவிக்குள் நுழையும் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். தங்க நிறப் பற்களுக்குச் சற்று மேலே, உள்ளிருக்கும் பச்சைப் பலகையில் நிண்டெண்டோ என்ற பெயர் சிறிய ஆங்கில எழுத்துகளில் தெரிய வேண்டும். பின்பக்கத்து ஆணியையும் கவனியுங்கள். அசலின் ஆணித்தலையில் ஆங்கில வை எழுத்தைப் போல மூன்று கை வெட்டு இருக்கும். கூட்டல் குறி வெட்டு இருந்தால், ஒன்று அது போலி, அல்லது யாரோ திறந்து ஆணியை மாற்றியிருக்கிறார்கள்.

எமரல்டின் அசல் உறை ஒளி ஊடுருவும் பச்சை. உள்ளிருக்கும் பலகை மங்கலாகத் தெரியும். அங்கே சதுரமான சில்லுகளுக்குப் பதிலாகத் தார்ச் சொட்டுப் போல ஒரு கரும்பொட்டு இருந்தால் வாங்காதீர்கள். அந்தச் சகோதரியின் காட்ரிஜில் அதுவும் இருந்தது. இவற்றில் ஏதாவது ஒன்றைப் போலி செய்பவரும் பார்த்துச் செய்துவிடலாம். அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இணைய ஏலத் தளத்தில் வாங்குவதானால் பொருளைக் கையில் எடுக்க முடியாது. அதனால் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: லேபலைச் சரித்த படம், அடிப்பக்கத்துப் பற்களின் படம், பின்பக்க ஆணியின் படம். தன்னிடம் உள்ள பொருளை விற்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. விளம்பரப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினால் விட்டுவிடுங்கள். விபரத்தில் Repro என்ற சொல் இருந்தால், நகல் என்று அவரே ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். eBay தளத்தில் Sold Items என்பதைத் தெரிவு செய்தால், உண்மையில் விற்றுத் தீர்ந்த விலை தெரியும். பெட்டியில்லாத அசல் எமரல்டே நூறு டொலருக்கு மேல் போகிறது. தயாரிப்பு நின்று பல ஆண்டுகளான பொருளை, ‘புத்தம் புதிது’ என்று பெட்டியோடு சில ஆயிரம் ரூபாவுக்கு யாராலும் தர முடியாது. நூறு விளையாட்டுகள் ஒரே காட்ரிஜில் என்று விற்பதும் நிண்டெண்டோ செய்ததல்ல.

இறுவட்டு பற்றியும் ஒரு வார்த்தை. சோனியின் பி.எஸ்.பி. கருவிக்குரியது, 6 சென்ரிமீற்றர் வட்டு ஒன்று பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டிருப்பது. அதில் வெற்று வட்டு பொதுமக்களுக்கு விற்கப்பட்டதே இல்லை. எனவே ‘பி.எஸ்.பி. விளையாட்டு’ என்று சாதாரண இறுவட்டைத் தந்தால், அது கருவிக்குள் நுழையவே நுழையாது. கணினி வழியாகக் கோப்புகளை நினைவட்டைக்கு மாற்றி, கருவியின் மென்பொருளையும் மாற்றினால்தான் அது ஓடும். அந்த மாற்றத்தில் பிழை நேர்ந்தால் கருவியே கெட்டுப்போகலாம்.

எங்கு வாங்கினாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள். அதில் விளையாட்டின் பெயரையும் ‘அசல்’ என்ற சொல்லையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். அப்போது அந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும். நம் சகோதரியிடம் சீட்டு இல்லை. கடைக்காரரும் இடம் மாறிவிட்டார்.

திருத்துநர் அதே எண்ணுள்ள, பற்றவைக்கும் தகடுகளோடு வரும் புதிய பற்றரியைப் போட்டுக் கொடுத்தார். வெறும் பற்றரியில் நேராக ஈயம் பற்றவைத்தால் சூட்டில் அது வெடிக்கலாம் என்று எச்சரித்தார். காட்ரிஜ் மீண்டும் சேமிக்கிறது, அந்தப் பற்றரி இருக்கும்வரை. பழையது திரும்பவில்லை.

அன்று மாலை தாய் மகனைப் பக்கத்தில் இருத்தி, செத்த பற்றரியை அவன் கையில் வைத்து, “இதுதான் அழிச்சது, நீ இல்ல” என்று சொன்னாராம். அவன் அதைத் தன் பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கிறான்.