ஸ்பீக்கருக்கு ஷிப்ட் தெரியாது

ஃபைனல் இயர் வந்ததும் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு சுங்குவார்சத்திரத்துல ஒரு மாடி வீட்டுக்கு மாறினேன். மூணு ரூம், அஞ்சு பேர், ஒரே ஒரு வைஃபை. நானும் என் கிளாஸ்மேட்டும் ஹால்ல. மத்த மூணு பேரும் பக்கத்துல இருக்கிற கம்பெனிகள்ல வேலை பார்க்கிற அண்ணன்கள். ஒருத்தர் கிளம்பும்போது ஒருத்தர் திரும்பி வருவார். இந்த ஏரியாவைத் தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோட்டுல கம்பெனி பஸ் ஓடாத நேரமே கிடையாது.

எங்க வீட்டுல மூணு ஸ்மார்ட் ஸ்பீக்கர் சேர்ந்தது ஒரு விபத்து மாதிரிதான். ஒண்ணு என்னோடது, ஒண்ணு தீபாவளி ஆஃபர்ல கிளாஸ்மேட் வாங்கினது, மூணாவது ஒரு அண்ணனோடது. "அண்ணே, மூணையும் சேர்த்து வீடு முழுக்க காஸ்ட் பண்ணலாம்"னு சொன்னேன். அவர் "எவ்ளோ காஸ்ட் ஆகும் தம்பி?"னு கேட்டார். காசே இல்லைன்னதும் சரின்னுட்டார். Google Home ஆப்ல ஸ்பீக்கர் குரூப் உருவாக்குறது ரெண்டு நிமிஷ வேலை. மூணையும் டிக் பண்ணி, 'வீடு'ன்னு பேர் வெச்சேன்.

முதல் வாரம் சூப்பரா இருந்துச்சு. ஹால்ல ஆரம்பிச்ச பாட்டு கிச்சனுக்குப் போனாலும் அதே வரியில ஓடும், எதிரொலி கேட்காது. ப்ளூடூத்ல இந்தச் சுகம் கிடையாது. போனை எடுத்துக்கிட்டு நாலு சுவர் தாண்டினாலே அது கரகரன்னு ஆயிடும்.

அப்புறம் ஒரு நாள் காலை எட்டரை மணி. குளிச்சிட்டு வந்து காஸ்ட் ஐகானைத் தொட்டேன். லிஸ்ட்ல 'ஹால்', 'கிச்சன்', 'அண்ணன் ரூம்', 'வீடு' நாலும் வந்துச்சு. பழக்கதோஷத்துல 'வீடு'. கிச்சன்ல பாட்டு கேட்டுக்கிட்டே தோசை சாப்பிட்டுட்டு, பையை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டேன். பாட்டை நிறுத்தணும்னு தோணவே இல்ல. போன்தான் என் பாக்கெட்ல இருக்கே!

பஸ் ஏறும்போது அண்ணன் போன் பண்ணார். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். "டேய், எவன்டா என் ரூம்ல பாட்டு போட்டது? ஸ்டாப்னு கத்துறேன், நிக்கவே மாட்டேங்குது. ஒயரைப் புடுங்கிட்டேன்."

அன்னைக்கு லேப்ல உட்கார்ந்து இதைப் பிரிச்சுப் பார்த்தேன். தப்பு என்னோடதுதான். ஆனா அந்தத் தப்புக்குள்ள மூணு விஷயம் இருந்துச்சு. இதைப் படிக்கிற நீங்களும் ரூம் ஷேர் பண்றவங்களா இருந்தா உங்களுக்கும் இது நடக்கலாம்.

முதல் விஷயம், காஸ்ட் பண்ணும்போது பாட்டு உங்க போன்ல இருந்து போறதில்ல. போன் "இந்தப் பாட்டை எடுத்துக்கோ"ன்னு ஒரு முகவரியை மட்டும் கொடுக்குது. ஸ்பீக்கர் தானே நெட்ல போய் எடுத்து ஓட்டுது. போன் வெறும் ரிமோட். அதனால நான் ரோட்டைத் தாண்டி, போன் மொபைல் டேட்டாவுக்கு மாறின பிறகும் வீட்டுல பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. போன் பேட்டரி மிச்சமாகுறதுக்கும், இன்கமிங் கால் வந்தாலும் ஸ்பீக்கர்ல பாட்டு நிக்காம இருக்கிறதுக்கும் இதுதான் காரணம். ஆள் வீட்டை விட்டுப் போனா பாட்டும் போயிடும்னு நினைச்சீங்கன்னா, அது ப்ளூடூத் கால மூளை.

ரெண்டாவது, ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன்னோட கடைசி வால்யூமைத் தானே வெச்சுக்கும். அண்ணன் முந்தின நாள் சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது சத்தமா கேட்டிருக்கார். ஹால்ல எனக்கு மெதுவா கேட்ட பாட்டு, அவர் தலைமாட்டுல அதே சாயங்கால சத்தத்துல வெடிச்சிருக்கு. ஹால்ல நின்னுக்கிட்டு இது தெரியவே தெரியாது.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துனது. அண்ணன் தூங்குறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல இருக்கிற மைக் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் படுத்தார். ஸ்பீக்கரையே வாய் மூட வெச்சதா அவர் நினைப்பு. அந்த சுவிட்ச் அதோட காதை மட்டும்தான் மூடும், வாயை மூடாது. வைஃபை வழியா வர்ற காஸ்ட்டுக்கு மைக் தேவையே இல்ல. ஆனா "ஸ்டாப்"னு கத்தினா கேட்க மைக் வேணும். ஆக, தூக்கத்துக்காக அவர் எடுத்த ஒரே முன்னெச்சரிக்கையே பாட்டை நிறுத்துற வழியையும் அடைச்சிடுச்சு.

இப்ப என் கருத்து. இந்த டெக்னாலஜியில நம்பிக்கைக்கு ஒரே அளவுகோல் வைஃபை பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு தெரிஞ்சவர் எல்லாம் ஒரே குடும்பம், எல்லா ரூமும் எல்லாருக்கும் சொந்தம்னு அது நினைச்சுக்குது. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது சரி. சுங்குவார்சத்திரத்துல ஒரு மாடி வீட்டுக்கு அது சரியே இல்ல. இங்க பாஸ்வேர்டு பகிர்றது வாடகை பகிர்ற மாதிரி. அதுக்காக யாரும் யாரோட ரூம் சாவியையும் கொடுக்கறதில்ல. ஆப்ல `Let others control your cast media`ன்னு ஒண்ணு இருக்கேன்னு கேட்பீங்க. அதை ஆஃப் பண்ணா மத்தவங்க ஆண்ட்ராய்டு போன்ல வர்ற ரிமோட் நோட்டிஃபிகேஷன்தான் நிக்கும். அதே வைஃபைல இருக்கிறவர் புதுசா காஸ்ட் பண்றதை அது தடுக்காது. "இந்த ஸ்பீக்கருக்கு காலை ஏழுல இருந்து மதியம் மூணு வரை என்னைத் தவிர யாரும் அனுப்பக் கூடாது"ன்னு ஒரு வரி செட்டிங் போதும். அது இல்ல.

ஒரு வேடிக்கை சொல்றேன். 2022 ஜனவரியில அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம், சோனோஸ் கம்பெனியோட 5 பேட்டன்ட்டை கூகுள் மீறிடுச்சுன்னு தீர்ப்பு சொன்னது. அதுக்கப்புறம் கூகுள், குரூப் வால்யூமை மொத்தமா கூட்டிக் குறைக்கிற வசதியை எடுத்துட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரா மாத்திக்கோங்கன்னு சொல்லிடுச்சு. அப்போ நிறைய பேர் கோபப்பட்டாங்க. எங்க வீட்டைக் கேட்டா, ஒவ்வொரு ரூம் வால்யூமையும் தனியா பார்க்க வைக்கிறதுதான் நியாயம்.

நாங்க செஞ்சது இதுதான். 'வீடு' குரூப்பை டெலீட் பண்ணிட்டு ஹாலும் கிச்சனும் மட்டும் சேர்ந்த குரூப் வெச்சோம். அண்ணன் ஸ்பீக்கரையும் அவர் போனையும் ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மாத்தினேன். உடனே அவரோட போனுக்கே அவரோட ஸ்பீக்கர் தெரியல! காரணம், கெஸ்ட் நெட்வொர்க்ல ஐசொலேஷன் ஆன்ல இருந்துச்சு. அதாவது ஒரே வைஃபைல இருந்தாலும் ஒரு கருவி இன்னொரு கருவியோட பேச முடியாது. காஸ்ட் ஐகான் வர்றதுக்கு முன்னாடி போன் 224.0.0.251ங்கிற முகவரிக்கு "இங்க யார் இருக்கீங்க?"ன்னு ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலே ஸ்பீக்கருக்குப் போய்ச் சேராது. ஐசொலேஷன் டிக்கை எடுத்ததும் வந்துடுச்சு. ஹாஸ்டல் வைஃபைல உங்க ஸ்பீக்கர் நெட்ல இருந்தும் போன்ல தெரியலைன்னா, பெரும்பாலும் இதேதான். ஸ்பீக்கர் கெட்டுப்போகல. போனையும் ஸ்பீக்கரையும் ஒரு லேப்டாப் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாருங்க, ஐகான் வந்தா குற்றவாளி வைஃபைதான். ஐபோன்னா அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல `Local Network` அனுமதி கொடுத்திருக்கான்னும் பார்த்துடுங்க.

இப்ப என் போன் லிஸ்ட்ல 'அண்ணன் ரூம்' வர்றதே இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் அவரே வந்து, "தம்பி, இன்னைக்கு என்னுதையும் ஹாலோட சேர்த்து விடுறா"ம்பார். அதுக்கு அந்த ஸ்பீக்கரோட பழைய வைஃபையை மறக்க வெச்சு, முதல்ல இருந்து செட்டப் பண்ணணும். பத்து நிமிஷம் ஆகுது. திங்கள் நைட் ஷிப்டுக்கு முன்னாடி திரும்ப ஒரு பத்து நிமிஷம்.