இரண்டு மில்லியன் வெள்ளிக்கு வரி என்றால் லயத்து வீட்டில் ஏன் பயம்?

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் வாரிசு வரி பற்றிப் பேச்சு. பணக்காரர்கள் விட்டுச்செல்லும் சொத்துக்கு வரி போடலாம் என்று யாரோ கைப்பேசியில் படித்துக் காட்ட, ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்பன் செத்தா அரசாங்கத்துக்கும் பங்கு வெக்கணுமா தம்பி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் இருப்பது ஒரு மலிவு விலை வீடும் கொஞ்சம் சேமநிதிப் பணமும்தான்.

நம் நாட்டில் அப்படி ஒரு வரி முன்பு இருந்தது. 1991 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். எடுக்கப்பட்டபோது இரண்டு மில்லியன் வெள்ளிக்கு மேல் சொத்து விட்டுச்சென்றவர்களைத்தான் அது தொட்டது. அங்கிளின் வீட்டுப் பக்கம்கூட அது வந்திருக்காது. பிறகு ஏன் கோபம்?

பொருளியல் படித்தவர்களுக்கு இந்தக் கோபம் ஒரு பழைய புதிர். 1981இல் ஆலன் மெல்ட்சர், ஸ்காட் ரிச்சர்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அதை நம்ம ஊர் வரிசை வீடுகளை வைத்துச் சொல்கிறேன். ஒரு வரிசையில் பத்து வீடு. ஒன்பது வீட்டில் மாதம் 3,000 வெள்ளி வருமானம், கடைசி வீட்டில் 33,000 வெள்ளி. எல்லாரிடமும் பத்து விழுக்காடு வரி வாங்கினால் மொத்தம் 6,000 வெள்ளி சேரும். அதைப் பத்து வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 600. ஒன்பது வீடும் 300 கட்டி 600 வாங்குகின்றன. ஓட்டு வைத்தால் ஒன்பதுக்கு ஒன்று என்று வரி ஜெயிக்க வேண்டும். கடைசி வீட்டு வருமானம் ஏற ஏற மற்றவர்களுக்கு லாபமும் ஏறும். ஆகவே ஏற்றத்தாழ்வு கூடக்கூட வரி கேட்கும் ஓட்டும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. வரி அளவு மீறினால் உழைப்பு குறையும் என்பதையும் அவர்கள் சேர்த்துத்தான் பார்த்தார்கள்.

உலகம் இந்தக் கணக்குப்படி நடப்பதில்லை. அதைத் தெளிவாகப் பார்க்க சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டும். காரணம், அங்கே ஒரு வரி வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடமே நேராகக் கேட்கிறார்கள். ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் போதும், கேள்வி வாக்குச்சீட்டுக்கு வந்துவிடும். செல்வம் சிலரிடமே குவிந்து கிடக்கும் நாடும் அதுதான்.

2015 ஜூன் 14ஆம் தேதி அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி இது: ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் சொத்தில் இரண்டு மில்லியன் பிராங்குக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் 20 விழுக்காடு வரி போடலாமா? அன்றைய மதிப்பில் இரண்டு மில்லியன் பிராங்க் என்பது ஏறக்குறைய எட்டு மில்லியன் வெள்ளி. வரும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதியோர் ஓய்வூதிய நிதிக்கு, மிச்சம் மாநிலங்களுக்கு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பிள்ளைகளுக்குப் போகும் சொத்துக்கு வரியே கிடையாது. சாதாரண மக்களுக்கு ஓய்வூதியம் கூடும், கட்டப்போவது பணக்காரர்கள் மட்டும். அந்த ஒன்பது வீட்டுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைக்காது.

முடிவு: 71 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை.

ஏன் என்று பார்த்தால் முதலில் வீடு. சூரிக், ஜெனீவா வட்டாரங்களில் நல்ல இடத்தில் சொந்த வீடு இருந்தாலே பாதித் தூரம் வந்த மாதிரி. வீட்டையும் சேமிப்பையும் சேர்த்து இரண்டரை மில்லியன் பிராங்க் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வரி அரை மில்லியனுக்கு மட்டும்தான். அதில் 20 விழுக்காடு என்றால் ஒரு லட்சம் பிராங்க், மொத்தச் சொத்தில் நான்கு விழுக்காடு. பிள்ளைகளுக்கு 2.4 மில்லியன் கிடைக்கும். ஆனால் யாரும் இப்படி எழுதிப் பார்ப்பதில்லை. “20 விழுக்காடு” என்ற சொல்தான் காதில் நிற்கிறது, அப்பா கட்டிய வீட்டில் ஐந்தில் ஒன்று போய்விடும் என்றே மனம் கணக்குப் போடுகிறது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று அந்த முன்மொழிவுக்குள்ளேயே இருந்தது. 2012 தொடக்கத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த பெரிய அன்பளிப்புகளையும் கணக்கில் சேர்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். வரிக்குப் பயந்து முன்கூட்டியே சொத்தை மாற்றிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். நடந்தது வேறு. 2011 கடைசி மாதங்களில் பல குடும்பங்கள் பத்திரம் எழுதும் அலுவலகங்களுக்கு ஓடி வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றின. ஓட்டு வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த வரி வீட்டுக்குள் நுழைந்து பயமுறுத்திவிட்டது. நல்ல எண்ணத்தில் எழுதிய ஒரு வரியால் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தோல்வியைப் பெரிதாக்கியதில் அதற்குப் பங்கு உண்டு.

மறுபக்கம், கிடைக்கப்போகும் லாபம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கு மூன்று பில்லியன் பிராங்க் வரும் என்று மதிப்பிட்டார்கள். அதில் இரண்டு பில்லியன் ஓய்வூதிய நிதிக்கு. அந்த நிதியின் ஆண்டுச் செலவோ 40 பில்லியனுக்கு மேல். குளத்தில் ஊற்றிய ஒரு குடம் மாதிரி. ஓர் ஆத்தா தன் கையில் எவ்வளவு கூடும் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. இழப்பு ஒரு வீட்டின் முகவரியோடு வருகிறது, லாபம் முகவரி இல்லாமல் வருகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால், வரம்பை உயர்த்தினால் மக்கள் ஓட்டுப் போடுவார்கள் என்று முடிவு கட்டியிருப்பேன். ஆனால் அதையும் அவர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். சோஷலிஸ்டுக் கட்சியின் இளைஞர் பிரிவு கொண்டுவந்த முன்மொழிவு 2025 நவம்பர் 30இல் ஓட்டுக்கு வந்தது. 50 மில்லியன் பிராங்குக்கு மேற்பட்ட சொத்துக்கு மட்டும் வரி, ஆனால் 50 விழுக்காடு. பணம் பருவநிலைப் பாதுகாப்புக்கு. இப்போது யாருடைய வீட்டுக்கும் ஆபத்தில்லை. நாடு முழுவதும் சில ஆயிரம் பேரைத்தான் தொடும். ஆனாலும் 78 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள், முன்பைவிட அதிகம்.

இந்த முறை பயம் வேறு. ரயில் பெட்டி செய்யும் நிறுவனத்தின் அதிபர் பீட்டர் ஷ்பூலர் போன்றவர்கள் நாட்டைவிட்டுப் போய்விடுவோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அங்கே எல்லா மாநிலங்களிலும் ஆண்டுதோறும் சொத்து வரி ஏற்கெனவே இருக்கிறது. பெரிய பணக்காரர்கள் இப்போது கட்டுவதே பெரும் தொகை. அவர்கள் போனால் அந்த ஓட்டையை யார் அடைப்பது? நாம்தானே என்று நடுத்தரக் குடும்பம் யோசித்தது. எத்தனை பேர் உண்மையில் போயிருப்பார்கள் என்பது வேறு விஷயம். போவேன் என்ற பேச்சே ஓட்டை மாற்றப் போதுமானதாக இருந்தது. தொழிற்சாலையை விற்றுத்தான் பாதி வரியைக் கட்ட முடியும் என்ற கேள்விக்கும் ஆதரவாளர்களிடம் தெம்பான பதில் இல்லை.

சுவிஸ் மக்களுக்குப் பணக்காரர்மேல் கோபமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2013 மார்ச்சில் பெரிய நிறுவனத் தலைவர்களின் அளவுகடந்த சம்பளத்துக்குக் கடிவாளம் போடும் முன்மொழிவை 68 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 2024 மார்ச்சில் முதியோருக்குப் பதின்மூன்றாவது மாத ஓய்வூதியம் வேண்டும் என்று 58 விழுக்காட்டினர் ஓட்டுப் போட்டார்கள். கோபமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. அந்தப் பதின்மூன்றாவது மாதத்துக்குப் பணம் எங்கே என்று கேட்டபோது அங்குள்ள அரசாங்கம் முன்வைத்தது எதைத் தெரியுமா? கடையில் பொருள் வாங்கும் எல்லாரும் கட்டும் மதிப்புக்கூட்டு வரியை உயர்த்துவதை.

இங்கேதான் நம் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நமக்குத் தனி வரிக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பே இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு கோடு போடுகிறோம். தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், தோட்டத்து வீட்டுப் பிரச்சினை, அடையாள அட்டை, பிள்ளைக்கு மெட்ரிகுலேஷன் இடம் எல்லாம் அந்த ஒரே கோட்டுக்குள் அடங்க வேண்டும். அதில் பணக்காரன் வரிக்கு எங்கே இடம்? தோட்டத்தில் ஓட்டுக் கேட்டு வந்த எந்த வேட்பாளரும் வாரிசு வரி பற்றிப் பேசி நான் கேட்டதில்லை, கேட்டவர்களும் இல்லை.

ஒரே ஒருமுறை வரி நம் ஓட்டில் நேரடியாக நுழைந்தது. 2015 ஏப்ரலில் வந்த ஆறு விழுக்காட்டுப் பொருள் சேவை வரி. ரசீதின் அடியில் அச்சாகி வந்ததால் ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்டது. 2018 தேர்தல் முடிந்ததும் அது போனது. ஆனால் அந்த ஓட்டு நம்மேல் விழுந்த வரியை எடுக்கச் சொன்ன ஓட்டு. அதன் இடத்தில் பணக்காரனிடம் வாங்கு என்று சொன்ன ஓட்டு அல்ல. வந்தது பழைய விற்பனை, சேவை வரிதான். பணக்காரரைத் தொடும் சில வரிகள் பிறகு வந்தன. 2025 முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட பங்கு ஈவுத்தொகைக்கு இரண்டு விழுக்காடு வரி உண்டு. அது வரவு செலவுத் திட்டத்தில் வந்தது, தேர்தல் மேடையில் இல்லை.

இவ்வளவையும் அந்த அங்கிளிடம் விளக்கிச் சொன்னேன். வரிசை வீட்டுக் கணக்கை வெற்றிலைப் பெட்டி அட்டையில் எழுதிக்கூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “2023இல என்ன சொன்னாங்க?” என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. விலை உயர்ந்த கைக்கடிகாரம், ஆடம்பரப் பைகளுக்கு வரி என்று அந்த ஆண்டு அறிவித்தார்களே, அதைத்தான் கேட்டார். அந்த வரி தனியாக வரவே இல்லை. விரிவாக்கப்பட்ட விற்பனை வரிக்குள் அதைக் கரைத்துவிட்டார்கள். 2025 ஜூலையில் நடப்புக்கு வரவிருந்த அந்தப் பட்டியலில் இறக்குமதி ஆப்பிளும் ஆரஞ்சும் இருந்தன. மக்கள் சத்தம் போட்ட பிறகுதான் இரண்டையும் நீக்கினார்கள்.

“கடிகாரம்னு ஆரம்பிச்சு சாமி தட்டுல வெக்கிற ஆரஞ்சுக்கு வந்துட்டாங்க. இன்னிக்கு ரெண்டு மில்லியன்னு சொல்வாங்க, நாளைக்கு என் வீட்டுக் கதவத் தட்ட மாட்டாங்கன்னு நீ எழுதிக் கொடுப்பியா?”

எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. தேநீருக்கு அவரே காசு கொடுத்தார்.