மாமியாருக்குத் தெரியாத மாவு

கிள்ளானில் வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவருக்குப் போன வருடம் விளம்பரம் எழுதிப் பேசிக் கொடுத்தேன். “தரமான, சுவையான, சுத்தமான...” என்று என் வானொலிக் குரலில் உருகி இருந்தேன். ஃபேஸ்புக்கில் இரண்டு வாரம் ஓடியது. அக்காவின் சேமிப்பில் 300 ரிங்கிட் கரைந்தது. புதிதாக வந்த ஆர்டர் 4. அதில் ஒன்று என் அத்தை.

“இன்னும் 300 இருக்கு. இதுவும் போச்சுன்னா விளம்பரமே வேணாம் தம்பி” என்றார் அக்கா.

இந்த முறை எழுத உட்காரவில்லை. வாரந்தோறும் மாவு வாங்கும் தாதி ஒருவரிடம் அனுமதி கேட்டு, 20 நிமிடப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்தேன். “மாவு எப்படி?” என்று கேட்கவே இல்லை. கேட்டால் “நல்லா இருக்கு” என்பார்கள், அதை வைத்து என்ன எழுதுவது? முதன்முதலில் வாங்கிய அன்று வீட்டில் என்ன நடந்தது, வாங்கும் முன் எதற்குத் தயங்கினீர்கள், வாங்கிய பிறகு என்ன மாறியது என்று மூன்றே கேள்விகள். மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளனுக்கு அதுதான் கஷ்டம்.

வீட்டுக்கு வந்து, திருத்தாமல் அவர் பேசியபடியே தட்டச்சு செய்தேன். மூன்று இடங்களில் கோடு போட்டேன்.

“நைட் ஷிப்ட் முடிஞ்சு ஏழரைக்கு வந்து நின்னா, கிரைண்டரைப் பார்த்தாலே அழுகையா வரும்.”

“சோடா போட்டிருப்பாங்களோன்னு பயம். ரெண்டு நாள் வச்சுப் பார்த்தேன். புளிச்சுச்சு. அப்புறம்தான் நம்பினேன்.”

“மாமியார் ஒரு வாரம் சாப்பிட்டாங்க. நான் அரைச்சதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. நானும் சொல்லலை.”

ஒரே ஆள், ஒரே மாவு. ஆனால் முதல் வரியைக் கேட்டு நிமிர்கிறவர் களைத்துப் போனவர். இரண்டாவதைக் கேட்பவர் கடை மாவை நம்பாதவர். மூன்றாவது, கடையில் வாங்கினால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்குபவருக்கு. இதைத்தான் விளம்பரத்தில் கோணம் என்கிறோம். கேட்பவரை முதல் மூன்று நொடியில் பிடித்து நிறுத்தும் வரி தூண்டில்.

முதலில் நான் எழுதிய மூன்று தூண்டில்கள் “களைப்பா?”, “நேரமில்லையா?”, “அரைக்க முடியலையா?”. மூன்றும் ஒரே மீனுக்குப் போட்டவை! இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு விளம்பரத்தின் முதல் வரியை எடுத்து இன்னொன்றின் தலையில் வையுங்கள். அங்கேயும் கச்சிதமாகப் பொருந்தினால், உங்களிடம் இருப்பது ஒரே கோணம்தான்.

மறுபடி எழுதினேன். களைப்புக்கு: “காலை ஏழரை. ஷிப்ட் முடிஞ்சது. கிரைண்டர் உங்களையே பார்க்குது.” தொடர்ச்சியில் வீட்டு வாசலுக்கே வந்து கொடுப்பது. சந்தேகத்துக்கு: “எங்க மாவு ரெண்டு நாள்ல புளிக்கும்.” தொடர்ச்சியில் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு தவிர வேறொன்றும் இல்லை, அரைத்த தேதி பாக்கெட்டில் உண்டு என்பது. புளிப்பதாலேயே சோடா இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அது அந்தத் தாதியின் கணக்கு, நிரூபணம் அல்ல. அக்கா உண்மையில் என்ன போடுகிறார் என்பதை மட்டும் சொன்னோம். மூன்றாவதற்கு: “மாமியார் கேட்டாங்க, எப்பம்மா அரைச்சே?” தொடர்ச்சியில் ஒரு சிரிப்பு, பிறகு சுவை.

விலை, படம், என் குரல் மூன்றிலும் ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் 100 ரிங்கிட், ஒரே வாரம். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய சொல் மட்டும் வேறு: ஷிப்ட், புளிப்பு, மாமியார். எந்த விளம்பரம் ஆளைக் கூட்டி வந்தது என்று அக்காவுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சிரிப்புப் பொம்மைகளும் பகிர்வுகளும் மாமியாருக்குத்தான் குவிந்தன. நான் துள்ளினேன். அக்கா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பணம் கட்டி மாவு எடுத்தவர்களில் பாதிக்கு மேல் ‘புளிப்பு’ என்று அனுப்பியவர்கள். ஒருவரின் பேட்டி மூன்று ஊகங்களைத்தான் தந்தது. எது பலிக்கும் என்று அந்த நோட்டு சொன்னது. கிள்ளானில் இப்படி, பினாங்கில் வேறு மாதிரி இருக்கலாம். ஷிப்ட் விளம்பரத்தை நிறுத்திவிட்டோம்.

சொல்ல மறந்தேன். விளம்பரம் போடும் முன் மூன்றையும் அந்தத் தாதிக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டேன். உடனே அழைப்பு வந்தது.

“ஐயோ, எங்க மாமியாரும் ஃபேஸ்புக் பார்ப்பாங்க. தாதின்னு மட்டும் போட்டுடாதீங்க!”

போடவில்லை. இங்கே எழுதுவதற்கும் கேட்டேன். அதற்குள் அவரே மாமியாரிடம் சொல்லிவிட்டாராம். மாமியாருக்கு முதல் நாளே தெரியுமாம்.