அன்னை இல்லாத முதற் பிறந்த நாள்



சென்ற ஐப்பசியில் ஒரு மடல் எழுத அமர்ந்தோம். ஒரு பக்கத்துக்கு மேற்படாத மடல்தான். எழுதி முடிக்க மூன்று இரவுகள் ஆயின. மறையுரைக்குக் கூட நாம் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை என்று சொன்னால் நம் பங்கு மக்கள் சிரிப்பார்கள். திருவரங்கத்தில், உத்திர வீதியில் வாழும் நம் பள்ளித் தோழர் ஒருவருக்கான பிறந்த நாள் வாழ்த்து அது. அவருடைய தாயார் ஆடி மாதத்தில் காலமாகியிருந்தார்.

வாழ்த்து எழுதுவதில் என்ன கடினம் என்று கேட்பீர்கள். கடினம் உண்டு என்பதை ஒரு தவற்றினால் முன்னரே கற்றிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், தந்தையை இழந்து நாற்பது நாட்களே ஆகியிருந்த ஒரு சகோதரிக்கு, பங்கில் எல்லோருக்கும் அனுப்பும் அச்சிட்ட வாழ்த்து அட்டையையே நாமும் அனுப்பிவிட்டோம். "இன்றுபோல் என்றும் வாழ்க" என்று அதில் பொன்னெழுத்தில் இருந்தது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் சக்கிறீஸ்து வாசலில் நின்று, கோபமின்றி, "சாமி, இன்றுபோல் என்றுமா?" என்று மட்டும் கேட்டார். நமக்கு விடை இல்லை. நல்ல நாளில் சொன்னால் அது வாழ்த்து. துயர நாளில் சொன்னாலோ, அத்துயரே நிலைக்கட்டும் என்று ஆகிவிடுகிறது.

ஆகவே இம்முறை அட்டையை நாடவில்லை. கைப்பேசியில் தானே வந்து குவியும் ரோசாப்பூப் படங்களையும் நாடவில்லை. வெள்ளைத் தாள், நீல மை, அவ்வளவே.

முதலில் நாளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் தோழருக்கு, நம் நாட்டில் பலருக்கும் உள்ளதுபோல், பிறந்த நாட்கள் இரண்டு. ஒன்று பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தம் வசதிக்கேற்ப எழுதிக்கொண்ட ஜூன் மாதத் தேதி. அது சான்றிதழுக்கு மட்டும் உரியது. மற்றது ஐப்பசி உத்திராடம். உண்மையான நாள் அதுவே. ஆனால் அது ஆண்டுதோறும் வேறு வேறு தேதியில் வரும். சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தேழே கால் நாள் ஆகிறது. தமிழ் மாதமோ அதனினும் நீண்டது. எனவே சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இருமுறை வந்துவிடும். அப்போது எதைக் கொள்வது? பின்னதையே கொள்ள வேண்டும் என்பது அந்தத் தாயாரின் தீர்ப்பு. அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்ல, மகன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். மகனாக ஒருபோதும் பஞ்சாங்கத்தைத் திறந்ததில்லை.

இங்கேதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. தாயை இழந்தவரின் பிறந்த நாள், பொங்கலைப் போலவோ தீபாவளியைப் போலவோ வெறுமையாகும் இன்னொரு நாள் அன்று. பொங்கலுக்கு ஊரே சாட்சி. ஒருவன் பிறந்தமைக்கோ அவனைப் பெற்றவளே முதற் சாட்சி; தோழர் வீட்டில் அந்த நாளை ஆண்டுதோறும் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர் ஒருவரே. அவர் போனபின், அந்த நாள் வந்ததா போனதா என்று சொல்லவும் அவ்வீட்டில் ஆளில்லை.

நம் சக்கிறீஸ்துச் சுவரில், நகைக் கடை ஒன்று தந்த தினசரி நாட்காட்டி தொங்குகிறது. அதன் ஒவ்வொரு தாளிலும் திதியும் நட்சத்திரமும் அச்சிட்டிருக்கும். திருப்பலிக்கு முன் தாள்களை முன்னோக்கிப் புரட்டி உத்திராடத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அதைக் கண்ட உபதேசியார், "சாமி நல்ல நேரம் பார்க்கிறாங்களா?" என்று திகைத்துப் போனார். விளக்கம் சொல்ல நேரமில்லை. இந்த மாதம் இப்பகுதியைப் படித்து அவர் தெளிவடைவாராக.

அவ்வீட்டின் முறைமைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. பத்து நாள் தீட்டு. அம்மாமண்டபத்துப் படித்துறையில் காவிரி நீரில் கடன்கள். பதின்மூன்றாம் நாள் சுபம். சுபம் ஆனபின் துக்கம் முடிந்தது என்று வெளியார் நினைத்துக்கொள்கிறோம். அது அப்படியன்று. அதன்பின் மாதந்தோறும் இறந்த திதியில் மாசிகம் உண்டு. ஓராண்டு நிறைவில் வருஷாப்திகம் முடியும்வரை அவ்வீட்டில் பண்டிகை இல்லை. ஐப்பசியில் தெருவெல்லாம் வெடி வெடிக்க, அவ்வீட்டு முற்றம் மட்டும் வெறுமனே கிடந்திருக்கும். எனவே இனிப்புப் பெட்டியோ புத்தாடையோ அனுப்புவது அன்பாகத் தோன்றினாலும், வாங்கிக்கொள்பவரைச் சங்கடத்தில் நிறுத்தும். நம்மவர் வீடுகளிலும் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் உறவினர் வரவு நின்றுவிடுகிறது; பிள்ளைகளுக்கோ அப்போதுதான் வீட்டின் அமைதி காதில் விழத் தொடங்குகிறது.

முதல் இரவு எழுதிய மடலைக் கிழித்தோம். அதில் ஆறுதல் நிரம்பியிருந்தது. அன்னையார் வானினின்று வாழ்த்துகிறார் என்றும், அவர் விரும்புவது உமது மகிழ்ச்சியையே என்றும் எழுதியிருந்தோம். படித்துப் பார்க்கையில், அழுவதற்கு உரிமை இல்லை என்று தோழருக்குக் கட்டளையிட்டது போலிருந்தது. இறந்தவரின் விருப்பத்தை நாம் எப்படி அறிவோம்? இரண்டாம் இரவு எழுதியதையும் கிழித்தோம். அதில் தாயாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; நோவு மேலும் கூடுமோ என்று அஞ்சி விட்டுவிட்டோம். தாயைத் தவிர வேறெதையும் நினையாதிருக்கும் ஒருவருக்கு, தாயைக் குறிப்பிடாத மடல் எதற்கு?

அன்றிரவு புனித அகுஸ்தீனாரின் நினைவு வந்தது. அவர் பிறந்தது 354 நவம்பர் 13-ஆம் நாள். 386-இல் அதே நாளில், மிலான் நகரை அடுத்த ஒரு பண்ணை வீட்டில், எளிய உணவுக்குப் பின் தம்மவரை அமர்த்திக்கொண்டு, இன்ப வாழ்வு எது என்று உரையாடத் தொடங்கினார். உரையாடல் மூன்று நாள் நீண்டது. தம்பி, மகன், உறவினர், மாணவர் ஆகியோருடன் அன்னை மோனிக்கம்மாளும் அதில் கலந்துகொண்டார். அவர் சொன்ன விடைகளை மகன் வியந்து எழுதி வைத்திருக்கிறார். மறு ஆண்டு உயிர்ப்புத் திருவிழாவில் அகுஸ்தீனார் திருமுழுக்குப் பெற்றார். ஆப்பிரிக்கா திரும்பும் வழியில், ஓஸ்தியாத் துறைமுகத்தில், அன்னை காய்ச்சலில் படுத்து ஒன்பதாம் நாள் இறந்தார். அவருக்கு வயது 56. வீட்டில் எவோதியு என்னும் நண்பர் சங்கீதநூலை எடுத்துப் பாடத் தொடங்க, இருந்தவர்கள் பதில் பாடினார்கள். மகன் கண்ணீரை அடக்கிக்கொண்டார். குளித்தால் துயர் நீங்கும் என்று கேள்விப்பட்டுக் குளித்தும் பார்த்தார், நீங்கவில்லை. உறங்கி எழுந்து தனித்திருந்தபோதுதான் அழுதார். அந்த 387 நவம்பர் 13-இல் அவருக்கு 33 வயது நிறைந்தது. தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிடும் பெருநூலில், அந்த ஒரு நாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எவோதியு ஒரு வாதமும் செய்யவில்லை, அறிவுரையும் கூறவில்லை. தம் கையில் இருந்ததை எடுத்தார். நம் கையில் இருப்பது என்ன என்று எண்ணினோம். மகனிடம் இல்லாத, அவர் தாயாரைச் சேர்ந்த ஒன்று நம்மிடம் இருந்தது. மூன்றாம் இரவு எழுதியது இது. (தோழனுக்கு எழுதும்போது 'நாம்' கூடாதன்றோ!)

"அன்புள்ள நண்பா,

ஐப்பசி உத்திராடம் உன் பிறந்த நாள். உன் அன்னை ஆசாரியன் திருவடி அடைந்தபின் வரும் முதற் பிறந்த நாள் என்பதையும் மறக்கவில்லை.

1985-இல் இதே நாளில் உங்கள் வீட்டிலிருந்து அக்காரவடிசல் ஒரு தூக்கு நிறையக் கொடுத்து, விடுதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோ என்றார்கள். மிதிவண்டிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தில் வந்தேன். ஒரு பேருந்துக்கு ஒதுங்கியதில் மூடி கழன்று ஆற்றில் விழுந்துவிட்டது. மறுநாள் தூக்கைத் திருப்பிக் கொடுக்கையில் அழாத குறையாகச் சொன்னேன். 'காவேரிக்குத்தானே கொடுத்தாய், போகட்டும் விடு. அவனிடம் சொல்லாதே, உன்னைக் கேலி செய்வான்' என்றார்கள். இத்தனை ஆண்டுகள் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீ பிறந்ததற்கு நான் மகிழ்கிறேன். நீ மகிழ வேண்டும் என்று இவ்வாண்டு கேட்கமாட்டேன். பதில் எழுத வேண்டாம். மாசிகம் கழிந்த ஒரு மாலையில் வருகிறேன்."

மடலின் தலைப்பில் வழக்கமாக இடும் சிலுவையை இட்டோம். அது நம் கையெழுத்தைப் போன்றது, அவருக்குப் பழக்கமானதே. 'சுபம்' என்றோ 'பல்லாண்டு' என்றோ எழுதவில்லை. 'இறந்தார்' என்று மொட்டையாக எழுதாமல், அவர்கள் வீட்டில் வழங்கும் சொல்லையே எழுதினோம். நாள் தவறாதிருக்க மூன்று நாள் முன்னதாகத் தபாலில் சேர்த்தோம். இத்தகைய மடல் ஒருநாள் முந்தினால் பாதகமில்லை. பிந்தினால், எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று எண்ணியபடி அவர் அந்த நாளைக் கழித்திருப்பார்.

கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு மாலை, ஒன்றாம் எண் பேருந்தில் ஏறிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றோம். தோழர் திண்ணையில் இருந்தார். நெடுநேரம் ஊர்க் கதை பேசினோம். ஆற்றில் நீர்வரத்து, அவர் மகளின் தேர்வு, முழங்கால் வலி. மடலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் உள்ளே சென்று ஒரு பித்தளைத் தூக்கை எடுத்து வந்து நம் முன் வைத்தார். அதன்மேல் மூடிக்குப் பதில், அளவு சற்றே பெரிதான ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்த்திருந்தது.

"நாற்பது வருஷமாக இந்தத் தட்டைத்தான் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். மூடி எங்கே என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன், சொல்லவே இல்லையடா" என்றார்.

பிறகு சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. நாம் அருகில் அமர்ந்திருந்தோம். எழுந்தபோது, துக்க வீட்டு வழக்கப்படி 'போய் வருகிறேன்' என்று சொல்லாமல் படியிறங்கினோம். தெருமுனை வரை அவரும் உடன் நடந்து வந்தார்.