இரண்டு தசமப் புள்ளி வரை சொன்னால் துல்லியம் ஆகிவிடுமா?

ஓய்வு பெற்றவர்களிடம் சேமிப்பு ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் இப்போது ஒரு தாளோடு வருகிறார்கள். இருபது பங்குகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 17.38 சதவீதம், 0.92 சதவீதம் என்று இரண்டு தசமப் புள்ளி வரை போடவேண்டிய தொகை. கீழே, "கணினி கண்டுபிடித்த, ஆபத்து மிகக் குறைந்த கலவை" என்று ஒரு வரி. அண்மையில் நண்பர் ஒருவரின் கிராஜுவிட்டி பணத்துக்காகத் தயாரான அப்படி ஒரு தாளைப் பார்த்தேன். கடந்த 24 மாத விலைகளை வைத்துக் கணக்கிட்டதாம். அதை நம்பிப் பணம் போடக்கூடாது என்பது என் கருத்து. கணக்கில் மோசடி இருப்பதாக நான் சொல்லவில்லை. கணக்கு சரியாகவே போடப்பட்டிருக்கலாம். அதற்குள் போன எண்கள்தான் அந்தப் பாரத்தைத் தாங்காது.

இந்தக் கணக்கின் மூலவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். 1952இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது எளிமையான, சரியான விஷயம். ஒரு பங்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. அது மற்றப் பங்குகளோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா, தனிவழி போகிறதா என்றும் பார்க்கவேண்டும். இப்படி ஜோடி ஜோடியாகப் பார்த்து எழுதும் அட்டவணைக்குத்தான் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் என்று பெயர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் 'கோவாரியான்ஸ்' என்போம். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் உடன்மாறுபாடு. பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றே. அந்த அட்டவணை சரியாகத் தெரிந்தால் ஆபத்து மிகக் குறைந்த கலவையைக் கணக்கிட்டுவிடலாம். இந்தப் பணிக்காக மார்க்கோவிட்ஸுக்கு 1990இல் நோபல் பரிசும் கிடைத்தது.

சிக்கல் அந்த "சரியாகத் தெரிந்தால்" என்ற சொற்களில் இருக்கிறது. உண்மையான அட்டவணை யாரிடமும் இல்லை. பழைய விலைகளிலிருந்து மதிப்பிடுகிறோம், அவ்வளவுதான். மதிப்பீடு கொஞ்சம் பிசகினால் விடையும் கொஞ்சம்தானே பிசகும் என்று தோன்றும். அப்படியில்லை என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டுகிறேன். பேனா காகிதம் எடுத்து நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

'அ', 'ஆ' என்று இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகள். இரண்டும் பெரிய கம்பெனிகளிலேயே பணம் போடுபவை. உண்மையில் இரண்டும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் மாத ஏற்ற இறக்கமும் 4 சதவீதம். ஒட்டுறவு எண் 0.9, அதாவது பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குபவை. விதி இதுதான்: 'அ'வுக்கு எவ்வளவு என்பதற்கு 'ஆ'வின் ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்திலிருந்து இரண்டுக்கும் பொதுவான பகுதியைக் கழிக்கவேண்டும். 'ஆ'வுக்கு எவ்வளவு என்பதற்கு 'அ'வின் வர்க்கத்திலிருந்து அதே பகுதியைக் கழிக்கவேண்டும். பொதுப்பகுதி 0.9 × 4 × 4 = 14.4. வர்க்கம் 16. இரண்டு பக்கமும் 16 − 14.4 = 1.6. ஆகவே பாதிக்குப் பாதி. ஒரே மாதிரியான இரண்டுக்கு அதுதான் நியாயம்.

இப்போது 24 மாத விலைகளிலிருந்து மதிப்பிடும்போது 'ஆ'வின் ஏற்ற இறக்கம் 4க்குப் பதிலாக 4.4 என்று வந்துவிட்டது. மற்றதெல்லாம் சரி. அதன் வர்க்கம் 19.36, பொதுப்பகுதி 0.9 × 4 × 4.4 = 15.84. 'அ'வுக்கு 19.36 − 15.84 = 3.52. 'ஆ'வுக்கு 16 − 15.84 = 0.16. விகிதம் 22க்கு 1. பாதிக்குப் பாதி இருந்த பணம் 96க்கு 4 ஆகிவிட்டது! அதே எண் 4.6 என்று வந்திருந்தால் 'ஆ'வின் பங்கு மைனஸில் போகும்: 16 − 16.56. அதாவது உள்ள பணம் முழுவதையும் 'அ'வில் போட்டு, போதாததற்கு 'ஆ'வைக் கடன் வாங்கி விற்று, அதையும் 'அ'வில் போடு என்கிறது கணக்கு.

இந்த 4.4 அபூர்வமாக வரும் பிழை அல்ல. மாத வருமானங்கள் புள்ளியியலில் சொல்லும் இயல்நிலைப் பரவலில் இருப்பதாகக் கொண்டால், உண்மையில் சமமான இந்த இரண்டு ஃபண்டுகளுக்குள் 24 மாதக் கணக்கில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் தெரிவது பத்தில் ஏறக்குறைய மூன்று தடவை வெறும் தற்செயலாகவே நடக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? விடை, கிட்டத்தட்ட சமமான இரண்டு பெரிய எண்களின் வித்தியாசத்திலிருந்து வருகிறது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். வரவும் செலவும் கோடிக்கணக்கில் இருந்து மீதி சில ஆயிரம் என்றால், ஒரு பதிவில் நேர்ந்த சிறு தவறு அந்த மீதியை விழுங்கிவிடும். இங்கேயும் 16இல் 14.4 போய்விட்டது, மிஞ்சிய 1.6இல்தான் தீர்ப்பு. அதே 4.4 பிழையை வைத்துக்கொண்டு ஒட்டுறவை மட்டும் 0.3 ஆக்கிப் பாருங்கள். 14.08க்கு 10.72, அதாவது 57க்கு 43. பதற ஒன்றுமில்லை. ஆகவே ஒரே சாயலுள்ள பங்குகளைக் கொடுத்தால்தான் கணக்கு தடுமாறுகிறது. ஒரே சந்தையில், ஒரே துறையில் உள்ள பங்குகள் சாயலில் ஒன்றுபோலத்தானே இருக்கும்?

இரண்டு ஃபண்டு மட்டும் என்றால் நஷ்டம் பெரிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் 96க்கு 4 போட்டாலும் உண்மையான ஆபத்து 3.90 சதவீதத்திலிருந்து 3.98 ஆகத்தான் கூடும். விகிதம் கெட்டது, பணம் கெடவில்லை. எண்ணிக்கை கூடும்போதுதான் பணமும் கெடுகிறது.

இருபது பங்குகளுக்கு வருவோம். அட்டவணையில் 20 தனி எண்கள், 190 ஜோடி எண்கள், ஆக 210 எண்களை மதிப்பிடவேண்டும். கையில் இருப்பது 24 மாதம். கணினியின் வேலை மிகக் குறைந்த ஆபத்தைத் தேடுவது. அந்த 24 மாதத்தில் எந்தப் பங்கு தற்செயலாக அமைதியாக இருந்ததோ, எந்த இரண்டு தற்செயலாக எதிரெதிரே நகர்ந்தனவோ, அவற்றைத் தேடிப் பிடித்து அங்கேயே பணத்தைக் குவிக்கும். பிழை எங்கே நமக்குச் சாதகமாகத் தெரிகிறதோ அங்கே போய் நிற்கும். அதனால்தான் ரிச்சர்ட் மிஷோ என்பவர் 1989இலேயே, இத்தகைய கணக்கு பிழையைப் பெரிதாக்கும் எந்திரம் என்று எழுதினார்.

எவ்வளவு பெரிதாக்கும் என்பதற்குப் புள்ளியியலில் விடை உண்டு. இருபது பங்குகளில் எட்டக்கூடிய உண்மையான குறைந்தபட்ச ஆபத்து மாதத்துக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் விகிதங்களையும் அனுமதித்து 24 மாத விலைகளில் கணக்கிட்டால், தாளில் தெரியும் ஆபத்து சராசரியாக 1.25 சதவீதம், அந்தக் கலவையில் பணம் போட்டபின் அனுபவிக்கப் போவது சுமார் 8 சதவீதம். சும்மா இருபதிலும் சமமாகப் போட்டிருந்தால் ஒருவேளை நாலரையோடு போயிருக்கும். 60 மாத விலைகள் என்றால் தாளில் 2.5, நிஜத்தில் 3.7. 120 மாதம் என்றால் 2.75, 3.3. இருபது மாதமோ அதற்குக் குறைவோ என்றால் இன்னும் வேடிக்கை: ஆபத்தே இல்லாத, பூஜ்யம் சதவீதக் கலவை ஒன்று தாளில் நிச்சயம் கிடைத்துவிடும். இருபது பங்கும் ஆடிக்கொண்டிருக்க, கலவை மட்டும் ஆடாது என்று கணக்கு சொல்லும்!

மாத விலைக்குப் பதில் தினசரி விலையை எடுத்தால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி, நிலைமை ஓரளவு தேறும். ஆனாலும் பங்குகளின் எண்ணிக்கையும் கூடவே கூடினால் பயனில்லை. பிரான்ஸின் இயற்பியலாளர்கள் லாலூ, சிஸோ, பூஷோ, பாட்டர்ஸ் ஆகியோர் 1999இல் 406 அமெரிக்கப் பங்குகளை 1,309 நாட்களுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுறவு அட்டவணையைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்தபோது அவற்றில் சுமார் 94 சதவீதத்தை வெறும் தற்செயல் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. ஐந்து வருட தினசரிக் கணக்குக்கே அந்தக் கதி.

அப்படியானால் மார்க்கோவிட்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். ஒலிவியே லெதுவா, மைக்கேல் வூல்ஃப் இருவரும் 2004இல் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டை அப்படியே நம்பாமல், எட்டி நிற்கும் எண்களை நடுவை நோக்கிக் கொஞ்சம் இழுத்து வைத்துவிட்டு, பிறகு கணக்கிடுவது. நம் உதாரணத்தில் 4, 4.4 இரண்டையும் சராசரியான 4.2ஐ நோக்கிப் பாதித் தூரம் இழுத்தால் 4.1, 4.3 ஆகும். 96க்கு 4 என்றிருந்தது 74க்கு 26 ஆகிவிடும். எவ்வளவு இழுப்பது என்பதற்கும் அவர்கள் முறை வகுத்திருக்கிறார்கள். மைனஸ் விகிதம் கூடாது என்று தடை போடுவதும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது என்று ஜகன்னாதன், மா இருவரும் 2003இல் காட்டினார்கள். இரண்டிலும் நாம் கணக்கிடம் சொல்வது ஒன்றே: உனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அந்த அளவுக்கு மட்டும் பேசு.

ஆகவே அப்படி ஒரு தாள் உங்களிடம் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை பங்கு, எத்தனை மாதம்? மாதங்கள் பங்குகளைப்போல் பல மடங்கு இல்லையென்றால் அதற்குமேல் கேட்கவேண்டியதில்லை. ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டால் விகிதங்கள் எப்படி மாறுகின்றன? ஒரு மாதம் போனதற்கே 17 சதவீதம் 5 ஆகிவிட்டால் அந்த 17 ஒருபோதும் உண்மையாக இருந்ததில்லை. முதல் ஒரு வருடத்தில் கணக்கிட்ட கலவை அடுத்த வருடத்தில் நிஜமாக எவ்வளவு ஆடியது? தாளில் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு ஆடியிருந்தால் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதில் சொல்லத் தெரியாதவரிடம் என் முடிவு இதுதான்: இருபதிலும் சமமாகப் போடுகிறேன் ஐயா, கணினிக்குக் கொடுக்கும் கட்டணமாவது மிச்சம்.